பூஞ்சைக் கருவாடும் என்னுடைய பதினாலு மெசேஜும்

மண்டபம் பக்கம்தான் எங்கள் வீடு. மாமியார் இருபது வருடத்துக்கும் மேலாகக் கருவாடு போடுகிறவர். நான் மருமகளாக வந்த பிறகு அதை வாட்ஸ்அப் குரூப்பில் விற்க ஆரம்பித்தேன். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று வெளியூரில் இருக்கும் நம்ம பக்கத்து ஆட்கள்தான் பெரும்பாலும். ஒருவர் இன்னொருவரைச் சேர்த்துவிட்டு, போன ஐப்பசியில் குரூப்பில் 212 பேர் இருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரே ராத்திரியில் அது 169 ஆனது. கருவாடு கெட்டுப்போனது ஒரு காரணம்தான். 43 பேரைக் கிளப்பிவிட்டது அதற்கு நான் பதில் சொன்ன லட்சணம். பணம் திருப்பித் தருவது, பொருளை மாற்றித் தருவது பற்றிக் குரூப்பில் எப்படிப் பேச வேண்டும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், என் அசட்டுத்தனத்தையும் சேர்த்து.

அந்த வாரம் 34 பார்சல் போயிருந்தது, எல்லாமே நெத்திலி. நாலாவது நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் குரூப்பில் ஒரு படம் வந்தது. போட்டவர் கீழக்கரையிலிருந்து போய்ச் சென்னையில் இருப்பவர். குரூப்பில் எல்லோருக்கும் அவர் லாத்தாதான். நாற்பது பேரையாவது அவர்தான் சேர்த்துவிட்டிருப்பார். படத்தில் பாக்கெட் பிரித்துக் கிடந்தது, நெத்திலி மேல் பச்சை பூத்த மாதிரி புள்ளிகள். கீழே ஒரே வரி: “நெத்திலி இப்டி வந்துருக்கும்மா, எல்லாரும் பாத்துக்கங்க.”

எனக்குக் கை நடுங்கியது. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார், மாமியார் தூங்கிவிட்டார். யாரையும் கேட்காமல் தட்ட ஆரம்பித்தேன். மறுநாள் எண்ணிப் பார்த்தால் பதினாலு மெசேஜ். “அது பூஞ்சை இல்லை, உப்பு” என்பது முதலாவது. படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. “எங்கள் வீட்டில் இருபது வருடமாகப் போடுகிறோம், ஒருத்தரும் குறை சொன்னதில்லை” என்பது அடுத்தது. “மழையில் கூரியர்காரர்கள் எங்கே போட்டு வைத்தார்களோ.” “வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தேனே.” இப்படியே போனது. லாத்தா ஒன்றுக்கும் பதில் போடவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மௌனம் தாங்காமல் அட்மின் உரிமையை வைத்து அவருடைய படத்தை நீக்கினேன். நீக்கினால் காணாமல் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் படம் இருந்த இடத்தில் அட்மின் நீக்கினார் என்று ஒரு வரி நிற்கிறது. அதுவரை படத்தைப் பார்க்காதவர்களும் அதைப் பார்த்துவிட்டு “என்ன படம், என்ன படம்” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அதற்கு மேல் இன்னொன்றும் செய்தேன். பத்தரை மணிக்கு ‘விதிமுறைகள்’ என்று தலைப்புப் போட்டு ஒன்பது வரி ஒட்டினேன். ஒரு ஜவுளிக்கடை ரசீதின் பின்னால் இருந்ததைப் பார்த்து எழுதியது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’, ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’, ‘கூரியர் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ ஒன்பது வரியும் ‘படாது’, ‘மாட்டாது’, ‘அல்ல’ என்றே முடிந்தது. குரூப்பில் பேங்கில் இருந்து ரிட்டயர்ட் ஆன ஒரு சார் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும் நிதானமாகப் பதில் போட்டார்: “தங்கச்சி, கெட்ட பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன், பணம் தரமாட்டேன் என்று எழுதுவது 2019 நுகர்வோர் சட்டப்படி செல்லாது. ரசீதில் நாள் குறித்திருந்தால் அதற்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும்.” எல்லோர் முன்னாலும் அதைப் படித்தபோது முகம் சுட்டது. பிறகு விசாரித்தேன், அவர் சொன்னது சரிதான். அந்தச் சட்டம் இப்படி மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது.

காலையில் மாமியாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மிச்சம் இருந்த சாக்கைப் பிரித்து ஒரு நெத்திலியை எடுத்து வளைத்தார். படக்கென்று ஒடிய வேண்டியது ரப்பர் மாதிரி வளைந்தது. அடியில் கை விட்டு எடுத்தால் அதே பச்சைப் புள்ளி, கூடவே பழைய கோணிச் சாக்கு வாடை. “மழ நேரத்துக் கருவாட்டச் சூட்டோட கட்டுனா வேர்க்கத்தானடி செய்யும்” என்றார். நடந்தது அதுதான். ரெண்டு நாள் வெயில் அடித்ததும் அவசரப்பட்டு, காய்ந்த சூடு ஆறுமுன்னே பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். சூடு ஆறும்போது உள்ளே ஈரம் கோத்தது, மூணு நாள் பார்சலில் பயணம், பூஞ்சைக்கு அது போதும். இப்போது ஒரு ராத்திரி முழுக்க நிழலில் ஆறவிட்டு, காலையில் நாலு மீனை ஒடித்துப் பார்த்த பிறகுதான் கட்டுகிறேன்.

பத்து மணிக்கு லாத்தாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பணம் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “பணத்துக்காகவாம்மா போட்டேன்? வேற யாரும் பாக்காம ஆக்கித் தின்னுறக் கூடாதுன்னு போட்டேன். நீ என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டியே.”

நான் அந்தப் படத்தை எனக்கு எதிரான புகாராகப் படித்திருந்தேன். அவர் மற்றவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. குரூப்பில் ஒருவர் குறை சொன்னால் நாம் அவருக்குத்தான் பதில் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். படிப்பவர்கள் மீதி இருநூறு பேர். அவர்கள் மனதில் இருப்பது ரெண்டே கேள்வி: என் பாக்கெட்டும் இப்படித்தானா, இப்படி இருந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? என்னுடைய பதினாலு மெசேஜில் இந்த ரெண்டுக்கும் பதில் இல்லை. எல்லாமே நான் நல்லவள் என்பதற்கான சாட்சி. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் பரிகாரத்தைச் சொல்வதற்கு முன்னால் காரணத்தைச் சொன்னால் அது தப்பிக்கிற பேச்சாகத்தான் கேட்கும்.

அன்று மதியம் குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். லாத்தாவிடம் முதலில் படித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டேன். “நேற்று லாத்தா போட்ட படத்தை நான் நீக்கியது தப்பு. அவர்களுக்கு வந்தது பூஞ்சைதான், எங்கள் சாக்கிலும் இருக்கிறது. இந்த வாரம் போன 34 பார்சலும் அதே கட்டு. யாரும் சமைக்க வேண்டாம், பிரித்து ஒரு படம் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பூஞ்சை இருந்தால் பார்சல் செலவோடு முழுப் பணமும் நாளைக்குள் வரும். சரியாக ஆறவிடாமல் கட்டியது என் தவறு.” காரணம் கடைசியில், ஒரே வரி. “தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்” என்று முடிக்கக் கை வந்தது, அழித்துவிட்டேன். புரிந்துகொள்ளச் சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பதினோரு பேர் படம் அனுப்பினார்கள். எட்டு பேருக்குப் பூஞ்சை. மூன்று பேருக்கு நிஜமாகவே உப்பு. இந்த மூன்று பேர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவாட்டில் அடிக்கடி வரும் சண்டையே இதுதான். கருவாட்டில் உள்ள ஈரம் காயக்காய உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். விரலால் தேய்த்தால் நறநற என்று இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பூஞ்சை பஞ்சு மாதிரியோ புள்ளி புள்ளியாகவோ இருக்கும். பச்சை, சாம்பல், பழுப்பு என்று நிறம் இருக்கும், முடை வாடை வரும். மேலே இளஞ்சிவப்பாகப் படர்ந்து பிசுபிசுவென்று இருந்தால் அது வேறு ஒரு கோளாறு, உப்பிலேயே வளரும் கிருமி, அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். சரி, இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து முகம் சுளித்து நிற்பவரிடம் போய் “அது உப்புங்க” என்றால் அவர் காதில் விழுவது “உனக்கு ஒன்றும் தெரியாது” என்பதுதான். அதனால் தீர்ப்பை அவர்களிடமே விட்டேன். “அக்கா, ஒரு மீனை எடுத்து வெள்ளையாக இருக்கிற இடத்தை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கரைந்துவிட்டதா, இல்லை பச்சையாக ஒட்டுகிறதா என்று சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வேறு மாற்றித் தருகிறேன்.” ரெண்டு பேர் கரைந்துவிட்டது என்று அவர்களே சொல்லி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் அப்படியும் வேண்டாம் என்றார். அடுத்த பார்சலில் அவருக்கு மாற்றி அனுப்பினேன்.

செலவுக் கணக்கு இது. எட்டு பேருக்குத் திருப்பிய பணம் 5,140 ரூபாய். சாக்கில் மிச்சம் இருந்த 14 கிலோவைக் கோழித்தீவனத்துக்கு எடுப்பவரிடம் கிலோ 30 ரூபாய்க்குத் தள்ளினோம். எங்களுக்கு அடக்கம் 380. அதில் 4,900 போனது. ஆகப் பத்தாயிரத்துச் சொச்சம். அடுத்த மாதம் வழக்கமாக வரும் முப்பது, முப்பத்தைந்து ஆர்டருக்குப் பதில் பன்னிரண்டுதான் வந்தது. வெளியே போன 43 பேரில் சிலர்தான் திரும்பி வந்தார்கள்.

அதற்கப்புறம் விதிமுறையைத் திரும்ப எழுதினேன். எப்போது போடுவது என்பதிலேயே பாதி இருக்கிறது. ஒருவர் குறை சொன்ன சூட்டில் போட்டால், வார்த்தை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது அவரைக் குத்துவதற்காகப் போட்டது மாதிரிதான் தெரியும். குறை எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, விலைப்பட்டியலோடு சேர்த்துப் போட்டேன். இப்போதும் ஒவ்வொரு பட்டியலுக்கும் கீழே அதே வாசகம் போகும். குரூப் விவரத்திலும் இருக்கிறது, மேலே பின் செய்தும் வைத்திருக்கிறேன். பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், பிறகு தானாகப் போய்விடும். அதனால் மாதம் பிறந்ததும் மறுபடி பின் செய்வதை ஒரு வேலையாக வைத்திருக்கிறேன். வாசகம் இது:

“பார்சல் வந்ததும் பிரித்துப் பாருங்கள். பூஞ்சை, கெட்ட வாடை, எடை குறைவு, கேட்ட மீன் மாறியது, பாக்கெட் கிழிந்தது, எதுவாக இருந்தாலும் மூன்று நாளுக்குள் உள்ளே இருக்கும் தேதிச் சீட்டோடு சேர்த்து ஒரு படம் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பணம் வேண்டுமா, அடுத்த பார்சலில் அதே மீன் வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள். பணம் என்றால் பார்சல் செலவோடு இரண்டு நாளில் வந்துவிடும். கருவாட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பிரித்த பிறகு ருசி பிடிக்கவில்லை என்றால் பணம் தர எனக்குக் கட்டாது, பிரித்த பாக்கெட்டை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் முதல் தடவை வாங்குகிறவர்கள் 100 கிராம் பாக்கெட்டில் தொடங்குங்கள்.”

இதில் மறுப்பு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, ருசி விஷயத்தில். அதற்கு முன்னால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று சொல்லியாகிவிட்டது, பின்னால் அவர்களுக்கு வேறு வழியும் சொல்லியிருக்கிறது. ‘கட்டாது’ என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். ‘இயலாது’ என்று எழுதினால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது, சந்தையில் பேசுகிறவர்களுக்குக் கட்டாது என்றால் உடனே விளங்கும். திருப்பி அனுப்ப வேண்டாம் என்பது தாராளம் இல்லை, கணக்குதான். கெட்டுப்போன அரை கிலோ கருவாட்டைக் கூரியரில் திரும்ப வாங்கி நான் என்ன செய்வது? வாடைக்காக எடுக்கவே மாட்டார்கள். தேதிச் சீட்டு என்பது கட்டிய தேதியை எழுதி உள்ளே போடும் விரல் அகலத் துண்டுதான். யாரையும் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்காமல் எந்தக் கட்டு என்று அது சொல்லிவிடும். மூன்று நாள் என்பதை நான் கத்தி மாதிரி பிடிப்பதில்லை. ஊருக்குப் போயிருந்து ஏழாவது நாள் பிரித்த ஒரு அண்ணனுக்கு எடை குறைந்திருந்தது. எடை நாள் ஆக ஆகக் குறையப் போவதில்லை, நம்முடைய தப்புதான், பணத்தைக் கொடுத்தேன்.

உப்பு பூப்பது பற்றிய விளக்கத்தை இப்போது பார்சல் போகும் அன்றே குரூப்பில் போட்டுவிடுகிறேன். நெத்திலியை ஈர விரலால் தேய்க்கும் இருபது நொடி வீடியோ. அதே விளக்கத்தைத்தான் அன்று ராத்திரி லாத்தாவிடம் முதல் மெசேஜாகச் சொன்னேன். பாக்கெட் கைக்கு வருமுன்னே பார்த்தவர்கள் அதைச் சமையல் குறிப்பு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

யாராவது குரூப்பிலேயே படத்தைப் போட்டால் இப்போது நீக்குவதில்லை. அங்கேயே ஒரு வரி: “பார்த்தேன் அக்கா, இதோ தனியாகக் கூப்பிடுகிறேன்.” மீதியெல்லாம் போனில். முடிந்ததும் அதே படத்துக்குக் கீழே குரூப்பில் இன்னொரு வரி: “அக்காவுக்குப் பணம் போய்விட்டது.” இந்த ரெண்டாவது வரியை விட்டுவிட்டால் புகார் மட்டும் நிற்கும், முடிந்தது யாருக்கும் தெரியாது. பணம் போட்டதற்கான ஸ்கிரீன்ஷாட்டைக் குரூப்பில் போடாதீர்கள். ஒருமுறை போட்டேன், அதில் அவர் பெயரும் நம்பரும் தொகையும் தெரிந்தது, நியாயமாகவே கோபித்துக்கொண்டார்.

எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தை மாதம் ஒருவர் தேதிச் சீட்டு இல்லாமல் ஒரு படம் அனுப்பினார். அதில் இருந்தது எங்கள் கவரே இல்லை. குரூப்பில் “பணம் கேட்டால் சீட்டு கேட்கிறார்கள்” என்று எழுதினார். பழைய நானாக இருந்தால் கவர் வித்தியாசத்தை வட்டம் போட்டுக் காட்டியிருப்பேன். “அண்ணே, சீட்டு தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள், இன்றைக்கே பணம் போடுகிறேன்” என்று மட்டும் எழுதினேன். படம் வரவில்லை. ரெண்டு நாளில் அவரே குரூப்பை விட்டுப் போய்விட்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

மாற்றித் தருவதில் இன்னொன்று உண்டு, அது ஏப்ரலில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப் படகுகள் போகும், ஆனாலும் வரத்து குறைந்து கேட்ட மீன் இல்லாமல் போகும். முன்பு நெத்திலிக்குப் பணம் வாங்கிவிட்டு, இல்லையென்றால் சாளையைப் போட்டு அனுப்பி “அதைவிட நல்லா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நல்ல சாளையாக இருந்தாலும் கேட்ட மீன் மாறி வந்ததுதானே. இந்த வருடம் தடைக்காலம் தொடங்கும் முன்பே பட்டியலோடு ஒரு கேள்வியைப் போட்டேன்: “நீங்கள் கேட்டது கிடைக்காவிட்டால் வேறு என்ன அனுப்பட்டும், இல்லை பணத்தைத் திருப்பட்டுமா?” பெரும்பாலானவர்கள் சாளை அல்லது வாளை என்றார்கள், நாலைந்து பேர் பணம் என்றார்கள். லாத்தா வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார்: “என்னத்தையும் அனுப்பும்மா, திருக்கை மட்டும் வேணாம், பக்கத்து வீட்டுக்காரி கதவத் தட்டுவா.”